படத்தில் இருந்த இட்லி வீடியோவில் இல்லை

ஒரு சமையல் சேனலை எடுத்துக்கொள்வோம். தம்ப்நெயிலில் ஆவி பறக்கும் இட்லி, அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘உளுந்தே வேண்டாம்!’ என்ற வாசகம். வீட்டில் உளுந்து தீர்ந்துபோய், காலை டிபனுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணில் இது படுகிறது. தொடாமல் இருப்பாரா? தொடுகிறார். சேனலின் இசை, வணக்கம், ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ எல்லாம் முடிந்து 20ஆவது நொடியில் சமைப்பவர் சொல்கிறார்: “அரை டம்ளர் உளுந்து எடுத்துக்கோங்க. எப்பவும் போடுறதுல பாதிதான், மீதிக்கு அவல்.” பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்திலேயே வெளியேறிவிடுகிறார்.

குறிப்பு நல்ல குறிப்புதான், இட்லியும் பஞ்சாகத்தான் வரும். ஆனால் வந்தவர் தேடியது அதுவல்ல.

இதை யூடியூப் ஸ்டுடியோ எப்படிக் காட்டும்? ஒரு கணக்குக்காக, தம்ப்நெயில் 50,000 முறை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இம்ப்ரெஷன் என்று பெயர். படத்தில் பாதியாவது திரையில் ஒரு நொடிக்கு மேல் தெரிந்தால்தான் அது கணக்கில் சேரும். அதில் 5,500 பேர் தொட்டார்கள் என்றால் சிடிஆர், அதாவது கிளிக் விகிதம், 11 சதவீதம். பாதிக்குப் பாதி சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று யூடியூப்பே சொல்கிறது. அப்படியிருக்க, 11ஐப் பார்த்ததும் சேனல்காரருக்குத் தலைகால் புரியாது. அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. 9 நிமிட வீடியோவைச் சராசரியாக 1 நிமிடம் 20 நொடிதான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு பொருள்களுக்குக் கிடைத்த மதிப்பெண். தொடும்போது பார்வையாளர் வீடியோவில் ஒரு காட்சியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. படத்தையும் தலைப்பையும் மட்டும் நம்பி வருகிறார். ஆகவே சிடிஆர் தம்ப்நெயிலுக்கும் தலைப்பும் வாங்கியது. பார்த்த நேரம் வீடியோ வாங்கியது. ஆசையோடு வந்தவர் உடனே போகிறார் என்றால், வந்த காரணம் உள்ளே இல்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த, ஸ்டுடியோவில் எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். வீடியோ வெறுமனே சுவாரசியமில்லாதது என்றால் கோடு சரிவுப் பாதைபோல மெல்ல மெல்ல இறங்கும். வாக்கு பொய்த்திருந்தால் முதல் 30 நொடிக்குள் கிணற்றில் விழுந்த மாதிரி விழும். நம் இட்லி வீடியோவில் ‘அரை டம்ளர் உளுந்து’ என்ற சொல் வரும் இடத்தில் விழும். சில வீடியோக்களில் கோடு விழுந்தபின் எங்கோ 6ஆவது நிமிடத்தில் ஒரு மேடு எழும்பும். சொன்ன பொருள் அங்கே இருக்கிறது, மக்கள் தள்ளித் தள்ளிப் போய் அதைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே தம்ப்நெயில் பொய் சொல்லவில்லை. சரக்கைத் தாமதமாக வைத்ததுதான் குறை, அதை முன்னால் கொண்டுவந்தால் போதும்.

எல்லாக் குறைந்த நேரமும் குற்றம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2 நிமிட வீடியோவில் 1 நிமிடம் 20 நொடி பார்த்தால் அது நல்ல கணக்கு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி என்று தேடி வந்தவர் விடை கிடைத்ததும் போய்விடுவார். ஒலி சரியாகக் கேட்காவிட்டாலும் ஓடிவிடுவார்கள். அதனால் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், கோடு விழுந்த நொடிக்குப் போய் அங்கே திரையில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இட்லிக்கு வருவோம். தம்ப்நெயிலை ‘பாதி உளுந்து போதும்’ என்று மாற்றினால் சிடிஆர் 5 சதவீதமாக இறங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அதே 50,000 இம்ப்ரெஷனுக்கு 2,500 பேர்தான் வருவார்கள். ஆனால் வந்தவர்கள் அதைத்தான் தேடியவர்கள். சராசரியாக 4 நிமிடம் 30 நொடி இருப்பார்கள் என்று கொண்டால் மொத்தம் சுமார் 187 மணி நேரம். முன்னால் வந்த 5,500 பேரும் சேர்ந்து பார்த்தது 122 மணி நேரம்தான். கூட்டம் பாதிக்கும் கீழே குறைந்தும் பார்த்த நேரம் கூடிவிட்டது.

யூடியூப்புக்கு வேண்டியதும் இந்த நேரம்தான். வெறும் பார்வை எண்ணிக்கையை வைத்துப் பரிந்துரைத்து வந்த அந்தத் தளம், 2012இல் பார்த்த நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கும்படி தன் முறையை மாற்றியது. ஏமாற்றும் படங்களுக்குக் கிளிக் குவிந்ததும் அதற்கு ஒரு காரணம். இப்போது ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை போட்டுச் சோதித்துப் பார்க்கும் வசதியும் ஸ்டுடியோவில் இருக்கிறது. அந்தச் சோதனையில் வெற்றியைத் தீர்மானிப்பது சிடிஆர் அல்ல, எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்பதுதான்.