பொம்மைப் பெட்டியின் பின்பக்கம் சொல்லும் சேதி

துபாயில் இருக்கும் சித்தப்பா ஊருக்குக் கிளம்பும் முன், கடையில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறார். கழற்றிப் பூட்டும் பிளாஸ்டிக் லாரி. அதனுடன் ஒரு குட்டி ஸ்குரூடிரைவர், போல்ட்டுகள், சக்கரங்கள், ஓட்டுநர் பொம்மை. பெட்டியின் முகப்பில் பெரிதாக ‘3+’. வீட்டில் இருக்கும் பையனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். அம்மா தயங்குகிறாள். “நம்ம பையன் கெட்டிக்காரன்மா, இதெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமா?” என்கிறார் சித்தப்பா.

இது பல வீடுகளில் நடக்கும் உரையாடல்தான். பெட்டியில் இருக்கும் வயதைப் பிள்ளையின் அறிவுக்கான அளவாகவே பெரும்பாலானோர் எடுத்துக்கொள்கிறார்கள். ‘3+’ என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் புரியும், நம் பிள்ளை வேகமானவன், இரண்டிலேயே விளையாடிவிடுவான் என்று கணக்குப் போடுகிறார்கள். சில பெட்டிகளில் அந்த எண் உண்மையிலேயே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதன் அருகில் வேறொரு அடையாளம் இருந்தால் அர்த்தமே மாறிவிடும்.

அந்த அடையாளம் ஒரு சிவப்பு வட்டம். குறுக்கே சிவப்புக் கோடு, நடுவில் ஒரு குழந்தை முகம், ‘0-3’ என்ற எண். ஐரோப்பியத் தரவிதி வகுத்துக் கொடுத்த குறி இது. பத்து மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. ஐரோப்பாவில் விற்க அனுமதி வேண்டும் எந்தத் தொழிற்சாலையும் இதை அச்சிடும் என்பதால், சீனாவில் செய்து துபாயிலும் சிங்கப்பூரிலும் விற்கும் பெட்டிகளிலும் இதைப் பார்க்கலாம். இதன் பொருள், மூன்று வயது நிறையாத குழந்தையின் கையில் இந்தப் பொருளைக் கொடுக்கக் கூடாது என்பதே. ஏன் கொடுக்கக் கூடாது என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதனால் குறிக்கு அருகிலோ பெட்டியின் பின்பக்கத்திலோ ‘ஸ்மால் பார்ட்ஸ்’ என்று இருக்கும். சில பெட்டிகளில் ‘லாங் கார்டு’, அதாவது கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடிய நீளக் கயிறு, என்று இருக்கும்.

அமெரிக்கச் சந்தைக்கான பெட்டி இதையே எழுத்தில் சொல்கிறது. முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, அதன் பக்கத்தில் ‘வார்னிங்: சோக்கிங் ஹசார்ட்’ என்ற வரி, அதன்கீழ் சிறு பாகங்கள் உள்ளன, மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அல்ல என்ற வாசகம். 1994இல் அந்நாட்டில் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களுக்கான பொம்மையில் சிறு பாகம் இருந்தால் இந்த வாசகத்தைக் கட்டாயமாக்கியது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கென்று செய்யும் பொம்மையில் சிறு பாகமே இருக்கக் கூடாது. அதற்கு எச்சரிக்கை அச்சிட்டுத் தப்பிக்க வழியில்லை, விற்பனைக்கே தடை.

‘சிறு பாகம்’ என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயம் அல்ல. பரிசோதனைக் கூடங்களில் அதற்கென்று ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சரிவாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, எதிர்ப்பக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டை முழுதாக விரிந்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அந்த அளவு. அழுத்தாமல் போட்டதும் பொருள் எந்தத் திசையிலாவது முழுதாக உள்ளே அடங்கிவிட்டால், அது சிறு பாகம்.

இந்த உருளையை வீட்டிலும் சுமாராகச் செய்துகொள்ளலாம். கெட்டியான தாளில் பத்து சென்டிமீட்டர் நீளம், 5.7 சென்டிமீட்டர் அகலம் அளந்து வெட்டி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொடும்படி சுருட்டி ஒட்டினால், விட்டம் கிட்டத்தட்ட அந்த 31.7 மில்லிமீட்டருக்கே வந்துவிடும். அடிச்சரிவு இல்லாததால் இது கூடத்து உருளையைவிடச் சற்றுக் கடுமையான சோதனை; பெற்றோருக்கு அது நல்லதுதான். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். இந்தக் குழாயில் அது தடையின்றி விழும்.

சித்தப்பா அனுப்பிய லாரிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். விரல் பருமனில் நான்கு சென்டிமீட்டர் நீளப் போல்ட் குழாய்க்குள் முழுதாக மறையும். ஐந்து சென்டிமீட்டர் அகலச் சக்கரம் வாயிலேயே நின்றுவிடும். ஓட்டுநர் பொம்மையின் தலை உள்ளே போய், உயரத்தால் உடம்பு கொஞ்சம் வெளியே நீட்டினால் அது சிறு பாகம் இல்லை. ஆனால் தலை கழன்று வருமானால், அந்தத் தலை சிறு பாகம். ஆக, இந்தப் பெட்டியில் உள்ள எச்சரிக்கை சட்டத்துக்காகப் போட்ட வெறும் சம்பிரதாயம் அல்ல. போல்ட்டுகளைக் கணக்கில் வைத்தே போட்டிருக்கிறார்கள்.

கழன்று வருவதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை முதல் மூன்று வயதுவரை உள்ளவர்களுக்கு என்று ஒரு பொம்மையை அமெரிக்காவில் விற்க வேண்டுமென்றால், அதை மூன்றடி உயரத்திலிருந்து நான்கு முறை கீழே போடுவார்கள். பாகங்களைத் திருகிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய ஏழு கிலோ எடை தொங்கினால் வரும் விசையில் இழுத்தும் பார்ப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் உருளைக்குள் அடங்கும் துண்டு எதுவும் உடைந்து வரக் கூடாது. ‘3+’ லாரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதன் போல்ட்டுகள் கழற்றுவதற்கென்றே செய்தவை.

ஏன் மூன்று வயது? அதுவரை பிள்ளைகள் பொருளை வாயால்தான் ஆராய்கிறார்கள். கடைசிப் பால்கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் முளைக்கின்றன. மூச்சுக்குழாயின் பருமன் அந்தக் குழந்தையின் சுண்டுவிரல் அளவே. இருமி வெளியே தள்ளும் வலுவும் பெரியவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை. கெட்டிக்காரத்தனத்தால் இதில் எதையும் ஈடுகட்ட முடியாது. சித்தப்பாவுக்கு அம்மா சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

பந்துக்கு மட்டும் இந்த உருளை போதாது. உருண்டையான பொருள் தொண்டையின் பின்புறம் போய் மூடிபோல அடைத்துக்கொள்ளும் என்பதால், அதற்கு 44.4 மில்லிமீட்டர் துளை வைத்துத் தனியாகச் சோதிக்கிறார்கள். டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர். உருளைக்குள் அது போகாது, இந்தத் துளையில் போய்விடும். ஆகவே ‘ஸ்மால் பால்’ என்ற வார்த்தை பெட்டியில் இருந்தால், வீட்டுத் தாள்குழாயில் பந்து நுழையவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது. பலூன் பாக்கெட்டில் எட்டு வயது என்று வேறோர் எண் இருக்கும். ஊதாத பலூனோ உடைந்த பலூன் துண்டோ தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம் என்பதே காரணம்.

இன்னும் இரண்டு வார்த்தைகளைப் படத்தில் தேட வேண்டும்: காந்தம், பட்டன் பேட்டரி. இவற்றால் வரும் ஆபத்து மூச்சடைப்போடு முடிவதில்லை. இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடல்சுவரைத் துளைத்துவிடும். இருபது மில்லிமீட்டர் லித்தியம் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அழுகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். பேட்டரி வைக்கும் மூடி ஸ்குரூ போட்டு மூடியதா, நகத்தால் திறப்பதா என்பது படத்தில் தெரிந்தால் நல்லது. தெரியவில்லை என்றால் கேட்க வேண்டும்.

படத்தை வைத்து முடிவெடுப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். முகப்பில் இருப்பது விற்பதற்கான படம். எச்சரிக்கை பெரும்பாலும் பின்பக்கத்திலோ அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் விளக்கு பட்டால் அந்த வரியும் வெளுத்துப்போகும். எனவே பெட்டியின் ஆறு பக்கங்களையும் தனித்தனியாக, பளபளப்பு விழாமல் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இணையக் கடைகளில் வயது என்ற கட்டத்தை நிரப்புபவர் விற்பனையாளர். அங்கே ‘1+’ என்றும் பெட்டிப் படத்தில் ‘0-3’ தடைக்குறி என்றும் இருந்தால், பெட்டியைத்தான் நம்ப வேண்டும். கிலுகிலுப்பை போன்ற கைக்குழந்தைப் பொருளிலேயே அந்தத் தடைக்குறி இருந்தால், செய்தவர் சோதனையைத் தட்டிக்கழிக்க அதைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். பொருளின் பயனுக்கு முரணாக எச்சரிக்கை போடுவதை ஐரோப்பிய விதி அனுமதிப்பதில்லை. அப்படிப்பட்டதை வாங்கவே வேண்டாம்.

‘சி.ஈ.’ என்ற இரண்டு எழுத்து இருப்பதாலேயே எல்லாம் சரி என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலான பொம்மைகளில் அது, விதிகளுக்கு உட்பட்டுச் செய்தோம் என்று தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதிமொழி. வயதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அதே லாரி இந்தியக் கடையில் விற்பனைக்கு வந்தால் கணக்கு வேறு. 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இறக்குமதிப் பொம்மைக்கும் இது பொருந்தும். முத்திரைக்குக் கீழே ‘சி.எம்./எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை ஆகியவையும் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த எண் செயலியில் வேறு நிறுவனத்தைக் காட்டினால், முத்திரை போலி என்று சந்தேகிக்கலாம். அதே செயலியிலேயே புகாரும் கொடுக்கலாம்.

பெட்டியால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது. ஆறு வயது அக்காவுக்கு வாங்கிய செட்டில் எச்சரிக்கை முற்றிலும் சரியாக இருக்கும். அதன் போல்ட் கட்டிலுக்கடியில் உருண்டால், எடுப்பது இரண்டு வயதுத் தம்பி. அவன் தூங்கும் நேரத்திலோ மேஜை மேலோ விளையாடி, பாகங்களை எண்ணிப் பெட்டியில் போட்டு மூடுவதுதான் அங்கே வழி.

சித்தப்பாவின் லாரியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் வைத்து, பத்து மாதம் கழித்து, பையனுக்கு மூன்று நிறைந்ததும் எடுத்துக் கொடுக்கலாம். அப்போதும் அவன் பொருளை வாயில் போடுகிறவனாக இருந்தால் இன்னும் தள்ளிப்போடலாம். இப்போதே கொடுக்க ஏதாவது வேண்டுமென்றால், ‘18எம்+’ என்று பதினெட்டு மாதத்தைக் குறிக்கும் பெட்டியைத் தேடச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் அதன் பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.