எல்லாமே மூலம் இல்லை... வலியைக் கவனியுங்கள்!

மலம் கழிக்கும்போது ரத்தத்தைப் பார்த்துவிட்டால், 'மூலம்தான்' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வெளியே சொல்லக் கூச்சம். மெடிக்கல் ஷாப்பில் தணிந்த குரலில் ஓர் ஆயின்மென்ட் வாங்கித் தடவிக்கொள்கிறோம். ஆனால், உயிர்போகும் வலியோடு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது மூலமல்ல, ஆசனவாய் வெடிப்பு. டாக்டர்கள் 'ஃபிஷர்' என்பது இதைத்தான்.

ஓர் உதாரணம். பிரசவத்துக்குப் பிறகு மலச்சிக்கலால் அவதிப்படும் 32 வயதுப் பெண். ஒருநாள் முக்கியபோது கண்ணாடித் துண்டு கிழித்ததுபோல் வலி. கழிப்பறையிலிருந்து வந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிச்சல் அடங்கவில்லை. ரத்தமோ சில சொட்டுதான். இரண்டு மாதம் இப்படியே ஓடிய பிறகு, ஆசனவாய் ஓரத்தில் சிறு சதை தட்டுப்படுகிறது. 'மூலம் வெளியே தள்ளிவிட்டது' என்று பயந்துபோகிறார். உண்மையில் அது, ஆறாத வெடிப்பின் ஓரத்தில் வளரும் தோல் மடிப்பு.

உள்மூலம் வேறு மாதிரி. அது ஆசனவாயின் உட்புறம் ரத்தக்குழாய்கள் நிறைந்த திசு வீங்குவது. அந்த இடத்தில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. அதனால் வலியே இல்லாமல் சிவப்பு ரத்தம் சொட்டும். சிலருக்குப் பீய்ச்சியும் அடிக்கும். மூலத்திலும் வலிக்கும் ஒரு வகை உண்டு. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால், திடீரென நீலம் பாய்ந்த கட்டி தோன்றி நாள் முழுக்க வலிக்கும். வெடிப்பின் வலியோ மலம் கழிக்கும்போதுதான் தொடங்கும்.

வெடிப்பு ஏன் ஆறுவதில்லை? வலியில் ஆசனவாயின் சுருக்குத்தசை இறுகிக்கொள்கிறது. இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும்; புண் ஆறாது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது இன்னும் கெட்டியாகி மறுபடி கிழிக்கும். எனவே தசையைத் தளர்த்துவதுதான் சிகிச்சை. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய டப்பில் தினமும் இரண்டு, மூன்று முறை பத்து நிமிடம் உட்கார வேண்டும். மலம் இளகுவதற்கு நார்ச்சத்து உணவும் தண்ணீரும் தேவை. கூடவே டில்டியாசெம் போன்ற தசை தளர்த்தும் மருந்தை டாக்டர் எழுதித் தருவார். வலி குறைந்ததுமே பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரம் தடவ வேண்டும். மரத்துப்போகச் செய்யும் ஆயின்மென்ட் மட்டும் போட்டால் தசை தளராது. மருந்துக்கு மசியாவிட்டால், தசையில் சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சை உண்டு. அதில் சிலருக்கு வாயுவை அடக்க முடியாமல் போகலாம் என்பதால், பிரசவமான பெண்களுக்கு யோசித்தே செய்வார்கள்.

மூலத்துக்கும் மலச்சிக்கலைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால், வீங்கிய திசுவின் அடியில் ரப்பர் வளையம் மாட்டுவார்கள். ரத்த ஓட்டம் தடைபட்டு, சில நாள்களில் அது சுருங்கி விழுந்துவிடும். பெரிதாகி, கையால் தள்ளினாலும் உள்ளே போகாத மூலத்துக்குத்தான் பெரும்பாலும் ஆபரேஷன்.

மலத்தோடு கலந்தோ, கறுப்பாகவோ ரத்தம் போனாலும், எடை குறைந்தாலும், 45 வயதுக்கு மேல் முதன்முறையாக ரத்தம் வந்தாலும் ஆயின்மென்ட்டை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். குடல் புற்றுநோய் இல்லை என்பதை டாக்டர் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும்.