தேர்வு அறிக்கையைப் படிக்கும் முறை

பள்ளிக்கூடத்தில் நாம் நடத்தும் தேர்வுக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் தேர்வில் ஒரு பிள்ளை நூற்றுக்கு எத்தனை பெற்றான் என்று பார்க்கிறோம். தரப்படுத்தப்பட்ட தேர்விலோ, ஒரே வகையான வினாக்களை ஒரே விதிகளின்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே நம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று சொல்கிறார்கள். அதனால் அதன் அறிக்கையில் வரும் எண்களும் வேறு வகையானவை. அவற்றைப் பழைய கண்ணோடு படிக்கும் ஆசிரியர், முன்னேறிய பிள்ளையின் அட்டையிலேயே ‘பின்தங்கிவிட்டாள்’ என்று எழுதிவிடக்கூடும். தலைமையாசிரியராய் இருந்த காலத்தில் அத்தகைய குறிப்புகள் பல என் மேசைக்கு வந்ததுண்டு. ஆகையால், ஆசிரியர்களுக்கும், நாளை ஆசிரியராக விரும்பும் மாணவர்களுக்கும், அறிக்கையைக் கையில் வாங்கும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் அவ்வெண்களின் பொருளை விளக்க முற்படுகிறேன்.

ஓர் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவிக்கு வள்ளி என்று பெயரிடுவோம். ஜூன் மாதத்தில் நடந்த வாசிப்புத் தேர்வில் அவள் பெற்ற அளவுகோல் மதிப்பெண் 200, நூற்றுமானம் 50. மார்ச்சு மாதத்தில் மதிப்பெண் 205, நூற்றுமானம் 43. ஒரு எண் ஏறியிருக்கிறது, மற்றோர் எண் இறங்கியிருக்கிறது. வள்ளி முன்னேறினாளா, பின்தங்கினாளா?

முதலில் நூற்றுமானத்தைப் பார்ப்போம். மாணவர்கள் இதைப் ‘பர்சன்டைல்’ என்றே சொல்லக் கேட்கிறோம். நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில், குறைந்தவர் முதலாக நிறுத்தி வைத்தால், நம் பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே நூற்றுமானம். வள்ளியின் நூற்றுமானம் 43 என்றால், ஒப்பிடப்பட்ட குழுவில் நூற்றுக்கு 43 பேர் அவளைவிடக் குறைவாகப் பெற்றிருக்கிறார்கள் என்பது பொருள். அவள் 43 விழுக்காடு வினாக்களுக்குச் சரியாக விடையளித்தாள் என்பது பொருள் அன்று. 35 எடுத்தால் தேர்ச்சி என்ற எண்ணத்தில் ஊறிய பெற்றோர், நூற்றுமானம் 30 என்று கண்டவுடன் பிள்ளை தோற்றுவிட்டதாக வருந்துவார்கள். நூற்றுமானத்தில் தேர்ச்சியும் தோல்வியும் இல்லை. இடம் மட்டுமே உண்டு.

பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை மாணவர்கள் அறிவார்கள். 2019 முதல் அத்தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. பல அமர்வுகளில் வெவ்வேறு வினாத்தாள்கள் கொடுக்கப்படுவதால், ஒரு தாள் எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் அமையக்கூடும். எனவே ஒவ்வோர் அமர்விலும் ஒருவர் பெற்ற மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்களை எண்ணி, அந்த அமர்வில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து, நூறால் பெருக்குகிறார்கள். இந்த முறையில் அமர்வில் முதலாவதாக வந்தவருக்கு நூற்றுமானம் 100 ஆகும், அவர் முழு மதிப்பெண் பெறாவிட்டாலும் கூட. ‘குறைவாகப் பெற்றவர்’ என்று மட்டும் எண்ணும் தேர்வுகளில் 99க்கு மேல் முழு எண் வருவதில்லை. ஆகவே நூற்றுமானத்தைப் படிக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். யாரோடு ஒப்பிட்டார்கள்? எப்படி எண்ணினார்கள்?

அடுத்தது திட்ட விலக்கம். இந்தப் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு சிறு வகுப்புகளை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வகுப்பின் ஐந்து பிள்ளைகள் பெற்றவை 57, 59, 60, 61, 63. இரண்டாம் வகுப்பில் 45, 55, 60, 65, 75. இரண்டிலும் சராசரி 60தான். ஆனால் முதல் வகுப்பார் சராசரியை ஒட்டி நெருங்கி நிற்கிறார்கள். இரண்டாம் வகுப்பார் சிதறி நிற்கிறார்கள். அந்தச் சிதறலுக்கு ஒரு அளவு வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறான் என்று பார்க்கிறோம். முதல் வகுப்பில் விலகல்கள் 3, 1, 0, 1, 3. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 20. ஐவருக்குப் பகிர்ந்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. இதுவே திட்ட விலக்கம். இரண்டாம் வகுப்புக்கும் இவ்வாறே செய்தால் 10 வரும். இனி இரு வகுப்பிலும் ஒரு பிள்ளை 63 பெற்றதாகக் கொள்வோம். முதல் வகுப்பில் அவன் சராசரிக்கு மேல் ஒன்றரைத் திட்ட விலக்கம் உயரத்தில், எல்லாருக்கும் தலைவனாய் நிற்கிறான். இரண்டாம் வகுப்பிலோ கால் பங்கிற்குச் சற்று மேலான உயரந்தான். மதிப்பெண் ஒன்றே, இடம் வேறு.

பெருங்கூட்டத்தின் மதிப்பெண்கள் பெரும்பாலும் மணி போன்ற வடிவில் பரவுகின்றன. நடுவில் கூட்டம் மிகுதி, ஓரங்களில் குறைவு. அத்தகைய பரவலில் நூற்றுக்கு 68 பேர் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்குவர். சராசரியில் நிற்பவனுக்கு நூற்றுமானம் 50. ஒரு திட்ட விலக்கம் மேலே நிற்பவனுக்கு 84. இரண்டு மேலே நிற்பவனுக்கு 98. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஏறிய உயரம் இரு முறையும் ஒன்றே; ஆனால் நூற்றுமானம் முதலில் 34 கூடியது, பிறகு 14 மட்டுமே கூடியது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நடுவே நிற்பவர் ஓர் அடி முன்னே வைத்தால் பத்துப் பேரைக் கடப்பார். கூட்டத்தின் விளிம்பில் நிற்பவர் அதே ஓர் அடியில் ஒருவரைக் கடப்பார். அடியின் நீளம் மாறவில்லை, நெருக்கந்தான் மாறியது.

இப்போது வள்ளியிடம் திரும்புவோம். அந்தத் தேர்வில் ஜூன் மாதச் சராசரி 200. மார்ச்சு மாதச் சராசரி 208. திட்ட விலக்கம் இரு முறையும் 16. வள்ளி ஜூனில் சரியாகச் சராசரியில் நின்றாள். மார்ச்சில் 205 பெற்றதால் சராசரிக்கு 3 குறைவு; அதாவது திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே. கூட்டம் நெருங்கிய இடமாதலால் அந்தச் சிறு இடைவெளியே நூற்றுமானத்தை 50இலிருந்து 43க்கு இறக்கிவிட்டது. அவளுடைய வகுப்பிலேயே கபிலன் என்று ஒருவன் ஜூனில் 224, மார்ச்சில் 229 பெற்றதாகக் கொள்வோம். அவனும் 5தான் ஏறினான். ஆனால் அவன் நூற்றுமானம் 93இலிருந்து 91க்கு இறங்கியது, இரண்டே இரண்டு. இருவர் வளர்ச்சியும் சமம். நூற்றுமானத்தை மட்டும் பார்க்கும் ஆசிரியர் கபிலனை விட்டுவிட்டு வள்ளியைக் கடிந்துகொள்வார்.

வளர்ச்சி என்பதை அளவுகோல் மதிப்பெண்ணைக் கொண்டே பார்க்க வேண்டும். நூற்றுமானம் உடன் நடப்பவர்களைப் பொறுத்தது. நான்கு பேர் ஒரு சாலையில் நடந்து போகையில் ஒருவர் சற்றுப் பின்னே வந்தால், அவர் பின்னோக்கி நடக்கிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வள்ளி 5 அடி நடந்தாள். மற்றவர்கள் சராசரியாக 8 அடி நடந்தார்கள். நூற்றுமானம் இறங்கியதன் முழுக் கதையும் இதுவே.

அப்படியானால் மற்றவர்களைவிடக் குறைவாக வளர்ந்தாள் என்றாவது எழுதலாமா? அதற்கும் முன் அறிக்கையில் சிறிய எழுத்தில் இருக்கும் அளவீட்டுப் பிழையைப் பார்க்க வேண்டும். ஒரே பிள்ளை, கற்றதில் எந்த மாற்றமும் இன்றி, அதே தேர்வைப் பலமுறை எழுத முடியுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே மதிப்பெண் வராது. ஒரு நாள் தெரிந்த கதையே பத்தியாய் வரும். ஒரு நாள் காய்ச்சலாய் இருக்கும். இந்தத் தேர்வில் பிழை 3 என்று போட்டிருந்தால், மூன்றில் இரண்டு முறை மதிப்பெண் உண்மை நிலைக்கு 3 மேலோ கீழோ உள்ள எல்லைக்குள் விழும் என்பது பொருள். வளர்ச்சியைக் கணக்கிடும்போது இரு தேர்வுகளின் பிழைகளும் சேர்கின்றன. 3இன் வர்க்கம் 9. இரண்டு 9 சேர்ந்து 18. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.2. ஆகவே வள்ளியின் வளர்ச்சி 5 என்பதை 1 முதல் 9 வரை என்றே படிக்க வேண்டும். சராசரி வளர்ச்சியாகிய 8 அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அவள் மற்றவர்களைப் போலவே வளர்ந்திருக்கவும் கூடும். இந்த ஒரு தாளைச் சான்றாகக் காட்டி அவளைக் கீழ்ப் பிரிவுக்கு அனுப்புவது நியாயமாகாது. அவள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டும், எழுதிய கட்டுரையைப் பார்த்தும், அடுத்த தேர்வு வரை பொறுத்தும் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் அதே 5 என்னும் எண் வேறோரிடத்தில் வந்தால் இந்தப் பொறுமை கூடாது. வள்ளியின் வகுப்பில் 40 பேர். நாற்பது பேரின் சராசரி வளர்ச்சியே 5 என்று அறிக்கை சொல்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு மேலே போன பிழை மற்றொருவருக்குக் கீழே போயிருக்கும். அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 4.2ஐ 40இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.7தான் எஞ்சுகிறது. இப்போது 8க்கும் 5க்கும் உள்ள இடைவெளியை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. இரு தேர்வுகளுக்கும் இடையே எத்தனை வாரம் பாடம் நடந்தது, வாசிப்புக்கென்று ஒதுக்கிய பாடவேளை என்னவாயிற்று, ஒப்பீட்டுக் குழு நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமானதுதானா என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரணை ஆசிரியர் அறையில் நடக்க வேண்டியது. பிள்ளையின் அட்டையில் அன்று.

வள்ளியின் அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். ‘வாசிப்பில் 200இலிருந்து 205க்கு உயர்ந்திருக்கிறாள். நாட்டுச் சராசரியை ஒட்டியே இருக்கிறாள். அடுத்த தேர்வில் மீண்டும் பார்க்கப்படும்.’ இந்த மூன்று வாக்கியங்களுக்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்லவில்லை.