ரூம்மேட்டிடம் வாடகைப் பாக்கி கேட்பது எப்படி?

துரைப்பாக்கம், பெருங்குடி, காரப்பாக்கம் பக்கம் வேலைக்கு வருகிற இளைஞர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்குவது சென்னையில் சாதாரண வழக்கம். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் ஓனருக்கு வாடகை ஒன்றுதான். அது மாதம் 5ஆம் தேதிக்குள் ஒருவர் கணக்கிலிருந்து போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதனால் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் முதலில் கட்டிவிட்டு, பிறகு மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ளும் ஆளாகிவிடுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரே பெரும்பாலும் அந்த ஆளாக இருப்பார். பங்கு வராமல் போனால் சங்கடமும் அவருக்குத்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 24,000. ஏசி உள்ள அறையில் இருப்பவர் 10,000 தருகிறார், பால்கனி அறைக்காரர் 8,000, ஹாலில் கட்டில் போட்டிருப்பவர் 6,000. மெயின்டனன்ஸ் 2,400, வைஃபை 900. இரண்டும் மூவருக்கும் சமம். இபி பில்லில் பாதி ஏசி அறைக்காரருடையது, மீதிப் பாதி மற்ற இருவருக்கும் என்று வீட்டுக்கு வந்த நாளிலேயே பேசிவைத்திருக்கிறார்கள். பால்கனி அறைக்காரர் ஜூன் மாதம் 5,000 மட்டும் அனுப்பினார். ஜூலையில் ஒன்றும் வரவில்லை. இப்போது ஜூலை கடைசி. ஏசி அறைக்காரர்தான் எல்லாவற்றையும் கட்டியவர். இருவரும் கல்லூரியிலிருந்து நண்பர்கள்.

கட்டியவர் பொதுவாக என்ன செய்வார்? ஒரு மாதம் பேசாமல் இருப்பார். இரண்டாவது மாதம், ‘மச்சி, அந்தக் காசைக் கொஞ்சம் பாத்துப் போட்டு விடுடா’ என்று அனுப்புவார். எவ்வளவு என்று அதில் இருக்காது. எவ்வளவு தர வேண்டும் என்று பாக்கிக்காரருக்கே சரியாகத் தெரியாது; திருப்பிக் கேட்டால் முழுத் தொகையும் வெளியே வந்துவிடும் என்று தயங்கி, ‘சரிடா’ என்று மட்டும் பதில் போடுவார். அதற்குப் பிறகு இருவரும் சமையலறையில் நேருக்கு நேர் நின்று டீ போடுவதைக்கூடத் தவிர்க்கத் தொடங்குவார்கள். இப்படிப் பிரிந்த பல நட்புகளில் தொகை பெரிதாக இருந்ததில்லை. அந்தத் தொகை எவ்வளவு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே செய்தி எழுதும் முன் கணக்கு எழுத வேண்டும். இந்தக் கணக்கு தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. வாடகை மாதாமாதம் வருகிறது. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்த்து பில் போடுகிறது. ஜூலை தொடக்கத்தில் வந்த 4,200 ரூபாய் பில், மே, ஜூன் மாதங்களில் எரித்ததற்கானது. ‘ஜூலை மாசக் காசு’ என்று பொதுவாகக் கேட்டால், ஒருவர் அதில் இந்த பில்லைச் சேர்த்து எண்ணுவார், மற்றவர் சேர்க்காமல் எண்ணுவார். எந்தத் தொகை எந்த மாதத்துக்கு உரியது என்று தேதியோடு பிரித்துவைத்தால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, பாக்கிக்காரர் வீட்டுக்காகச் செலவழித்தது. கட்டியவருக்கு இது எளிதில் மறந்துபோகும். பால்கனி அறைக்காரர் இந்த இரண்டு மாதத்தில் கேஸ் சிலிண்டருக்கும் தண்ணீர் கேன்களுக்குமாக 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். அதில் அவர் பங்கு 500. மற்ற இருவரின் பங்கான 1,000 அவருக்கு வர வேண்டியது. அதை அவர் பாக்கியிலிருந்து முழுதாகக் கழித்துவிட்டு, ஹால்காரரின் 500-ஐ ஏசி அறைக்காரரே தனியாக வாங்கிக்கொள்வதுதான் சுலபம். கேட்காமலே இதைக் கழித்துக் காட்டும்போது, கணக்குப் பார்ப்பவர் தன் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை என்பது படிப்பவருக்குப் புரிகிறது. செய்தியில் வேறு எந்த நயமான சொல்லும் இந்த ஒரு வரி செய்கிற வேலையைச் செய்யாது.

இப்போது செய்தியை எழுதலாம்.

‘மச்சி, ஜூலை வரைக்கும் வீட்டுக் கணக்கு போட்டுப் பாத்தேன். உன் பக்கம் 13,250 நிக்குது.

ஜூன் வாடகை மீதி 3,000
ஜூலை வாடகை 8,000
மெயின்டனன்ஸ் ரெண்டு மாசம் 1,600
வைஃபை ரெண்டு மாசம் 600
இபி, மே-ஜூன் பில்லுல உன் பங்கு 1,050
சிலிண்டர், தண்ணி கேன் நீ வாங்குனதுல எங்க ரெண்டு பேர் பங்கு 1,000 கழிச்சிட்டேன்.

ஓனருக்கும் இபிக்கும் நான் கட்டிட்டேன். ஆனா ஆகஸ்டுக்கும் சேத்துப் போட என்கிட்ட இல்லடா. உன் ஆகஸ்ட் பங்கு 9,100 மட்டும் 5ஆம் தேதிக்குள்ள வந்துடணும். பழைய பாக்கிய ஒரே தடவையா தந்தாலும் சரி, ரெண்டு மூணு சம்பளத்துல பிரிச்சுத் தந்தாலும் சரி, எப்படின்னு நீயே சொல்லு. கணக்குல எதாவது விட்டிருந்தா சொல்லு, திருத்திக்கலாம். நேர்ல பேசணும்னா நைட் டீக்குப் போவோம்.’

இதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். ‘புது போன் வாங்கக் காசு இருக்கு’ என்பது இல்லை. பாத்திரம் கழுவாதது, நள்ளிரவு வரை சத்தமாகப் பேசுவது எதுவும் இல்லை. அவையெல்லாம் நியாயமான குறைகளாகவே இருக்கலாம். ஆனால் இந்தச் செய்தியில் ஒன்று சேர்ந்தாலும் பதில் அதற்குத்தான் வரும், பணம் பேச்சிலிருந்து நழுவிவிடும். ‘தப்பா எடுத்துக்காத’ என்ற தொடக்கமும் இல்லை. அதைப் படித்ததுமே தவறாக எடுத்துக்கொள்ள மனம் தயாராகிவிடுகிறது.

‘என்கிட்ட இல்லடா’ என்பது முக்கியமான வரி. பாக்கி வைப்பவர் பல நேரம் அது ஓனருக்குத் தர வேண்டிய பணம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். வாடகை எப்படியோ போய்க்கொண்டிருப்பதால் அவசரம் தெரியாது. நண்பனின் சம்பளத்திலிருந்து போகிறது என்பதை யாராவது சொன்னால்தான் உறைக்கும். சட்டமும் இதே நிலையில்தான் இருக்கிறது. பலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி முழு வாடகையையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் ஓனர் கேட்கலாம். அதைக் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டுப் பெறலாம். ஒருவரே கையெழுத்துப் போட்டிருந்தால் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். நண்பனிடம் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்குத் தான் கேட்பது உரிமைதான் என்று தெரிந்திருந்தால் குரலில் கெஞ்சலும் வராது, கோபமும் வராது.

எங்கே, எப்போது அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. ஹால்காரர் அதைப் பார்த்துவிட்டார் என்பதே பாக்கிக்காரருக்கு அவமானம். அதற்குப் பிறகு அவர் கணக்கைப் பார்க்கமாட்டார், தன் மானத்தைத்தான் காப்பாற்றுவார். தனிச் செய்தியாக, சம்பளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பு அனுப்ப வேண்டும். 20ஆம் தேதி கேட்டால் அவரிடம் இருக்காது. 8ஆம் தேதி கேட்டால் ஊருக்கு அனுப்பியிருப்பார், தவணைகள் பிடித்திருப்பார்கள்.

பதில் எப்படியும் வரலாம். நம் வீட்டில் இப்படி வந்தது என்று வைப்போம்: அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இரண்டு மாதமாக ஊருக்கு அனுப்பிவிட்டேன், சொல்லக் கூச்சமாக இருந்தது. கூடவே, ஜூனில் 12 நாள் ஊரில் இருந்தேனே, இபியில் முழுப் பங்கு ஏன் என்ற கேள்வியும்.

இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். வாடகை, மெயின்டனன்ஸ், வைஃபை மூன்றும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிற செலவு. மின்சாரம் ஓரளவு ஆளோடு போகும். 60 நாளில் 12 நாள் என்றால் ஐந்தில் ஒன்று, 1,050-இல் 210 ரூபாய். ஃபிரிட்ஜ் எப்படியும் ஓடியது என்று வாதாடலாம். நான் சொல்வேன், வாதாட வேண்டாம். 250 ஆகக் கழித்து, பாக்கி 13,000 என்று முடித்துவிடலாம். திருத்திக்கொள்வேன் என்று எழுதியது சொல்லளவில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தவணையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாக்கிக்காக 4,000 வாங்கிக்கொண்டு, அந்த மாதப் பங்கை விட்டுவிட்டால் பாக்கி குறையவே குறையாது. முதலில் நடப்பு மாதம் முழுதாக, அதற்கு மேல்தான் பழையது. ஆகஸ்டில் 9,100-உடன் 4,000. செப்டம்பரில் அடுத்த இபி பில் வந்து நிற்கும், அதனால் அந்த மாதமும் 4,000-த்துக்கு மேல் வேண்டாம். அக்டோபரில் 5,000. பணம் வந்ததும் ‘13,100 வந்துச்சு மச்சி. ஆகஸ்ட் பங்கு முடிஞ்சுது, பழசு இன்னும் 9,000’ என்று ஒரு வரி பதில் போட வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து, அனுப்பியது பழையதற்கா புதியதற்கா என்ற பேச்சு மறுபடி எழும். முன்பு யுபிஐ செயலிகளில் நண்பருக்குப் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பலாம். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டார்கள். நட்புக்குள் அது எப்போதுமே கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது.

‘அட்வான்ஸ்ல கழிச்சுக்கோடா’ என்று பதில் வந்தால் அதற்கு உடனே சரி சொல்லக்கூடாது. அந்தப் பணம் ஓனர் கையில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் நாளில், பெயின்டிங், ரிப்பேர் என்று பிடித்தது போகத்தான் திரும்பும். அதுவரை கட்டியவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. நம் வீட்டில் அது 72,000 என்றால், பால்கனி அறைக்காரரின் பங்கு 24,000.

அந்தப் பணம் உதவுவது ஒரே ஒரு சூழ்நிலையில். இரண்டு தவணை தொடர்ந்து தவறினால், இந்த வாடகை அவருக்குத் தாங்கவில்லை என்றுதான் பொருள். மூன்றாவது முறை நினைவூட்டல் அனுப்பிப் பயனில்லை. அப்போது இருவரும் உட்கார்ந்து, அவர் வாடகை குறைந்த இடத்துக்கு மாறுவதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். பாக்கி 13,000 அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், புதிதாக அந்த அறைக்கு வருபவர் கொடுக்கும் 24,000-இல் 13,000 கட்டியவருக்கும் 11,000 போகிறவருக்கும் சேரும். ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். புது ஆள் கிடைக்க ஒரு மாதமாவது ஆகலாம். அந்த மாதத்து 8,000 யாருடையது என்பதையும் அன்றைக்கே பேசி எழுதிவைத்துவிட்டால், நண்பர் கடன் மிச்சமில்லாமல் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகலாம்.