எத்தனை மணி நேரக் கணக்கை இழக்கலாம்?

"பேக்கப் எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கணும்?" சிறு வியாபாரிகள் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. "தினமும் ராத்திரி எடுத்துடுங்கண்ணே" என்று அவரும் தவறாமல் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் அவரல்ல, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். அதற்கு அவர் இரண்டு கணக்குப் போட வேண்டும்.

முதலாவது, இயந்திரம் செத்துப்போனால் எத்தனை மணி நேரப் பதிவுகள் தொலைந்தாலும் தாங்கலாம் என்பது. கம்ப்யூட்டர் துறையில் இதை ரெக்கவரி பாயின்ட் அப்ஜெக்டிவ், சுருக்கமாக ஆர்.பி.ஓ. என்பார்கள். இரண்டாவது, எத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி பில் போட்டாக வேண்டும் என்பது. அது ரெக்கவரி டைம் அப்ஜெக்டிவ், ஆர்.டி.ஓ. (வண்டி பதிவு செய்யும் ஆர்.டி.ஓ. இல்லை.) முதலாவது, விபத்து நடந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. இரண்டாவது, முன்னோக்கி எண்ணுவது.

ஒரு கடையை வைத்தே போட்டுப் பார்ப்போம். மதுரையில் மருந்து மொத்த விற்பனை செய்யும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 முதல் இரவு 8 வரை வியாபாரம், நாளுக்கு 240 பில். பில் போட மூன்று கம்ப்யூட்டர்கள். தரவு முழுக்க 'சர்வர்' என்று அவர்கள் சொல்லும் நான்காவது பெட்டியில் இருக்கிறது. இரவு 9 மணிக்கு பேக்கப்.

அந்தப் பெட்டியின் ஹார்டு டிஸ்க் இரவு 8 மணிக்குப் போனால் அன்றைய 240 பில்லும் போயிற்று. பில் நகல்கள் தாளில் இருக்கும் என்பதால் திரும்ப ஏற்றலாம். ஆனால் மருந்து பில்லில் பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் உண்டு. ஒரு பில்லுக்கு மூன்று நிமிடம் என்றாலும் மொத்தம் 720 நிமிடம். மூன்று பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு நான்கு மணி நேரம். முந்தைய இரவின் பேக்கப்பும் சரியாக எடுபடாமல் போயிருந்தால் இது இரட்டிப்பாகும்.

முதலாளி என்ன சொல்கிறார்? "கடை சாத்தினப்புறம் மூணு பேரும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து ஏத்திடுவோம், அதுக்கு மேல முடியாது." இதுதான் நமக்கு வேண்டிய பதில். மூன்று பேர் இரண்டு மணி நேரத்தில் 120 பில் ஏற்றலாம். அது ஐந்து மணி நேர வியாபாரம். ஆனால் தாளில் இல்லாத விஷயங்களும் இருக்கின்றன: போனில் பேசி மாற்றிய தள்ளுபடி, ரிட்டர்ன் வந்த சரக்குக்கு அவசரமாகப் போட்ட வரவு. நேரம் ஆக ஆக இவை யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே கொஞ்சம் இறுக்கி நான்கு மணி நேரம் என்று வைப்போம்.

அப்படியானால் நான்கு மணிக்கு ஒருமுறை பேக்கப் எடுத்தால் போதுமா? போதாது. நடுவில் ஒரு பேக்கப் தவறினாலே இழப்பு எட்டு மணி நேரமாகிவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்தால், ஒன்று தவறினாலும் நான்குக்குள் நிற்கும். இடைவெளி என்பது தாங்கக்கூடிய இழப்பில் பாதி என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. இதைச் சாஃப்ட்வேரின் சொந்த பேக்கப் வசதி வழியாகவே எடுக்க வேண்டும். பில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், பாதி எழுதப்பட்ட ஃபைல் வந்து சேரலாம். திறக்கும்போதுதான் அது தெரியும்.

இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் வரும் கடைகளுக்கு (2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள்) இன்னொரு தலைவலியும் உண்டு. பேக்கப்பில் கடைசி பில் 4,310 என்று இருக்கும். உண்மையில் 4,390 வரை போட்டு, அரசு போர்ட்டலிலும் பதிவாகியிருக்கும். இது தெரியாமல் 4,311 என்று புது பில் போட்டால், அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று போர்ட்டல் திருப்பிவிடும். ஆகவே மீட்டதும் முதல் வேலை, கடைசித் தாள் பில்லின் எண்ணைப் பார்த்து, விடுபட்டவற்றை அதே எண்களில் ஏற்றுவது. புது பில் அதற்குப் பிறகுதான். இந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி இரண்டாவது கணக்கு. காலையில் ஆர்டர் கொடுத்த மெடிக்கல் ஷாப்புக்கு மாலைக்குள் சரக்கு போகவில்லை என்றால் அவர் வேறு விநியோகஸ்தரைக் கூப்பிட்டுவிடுவார். கையால் பில் எழுதிச் சமாளிக்கலாம், அதிகபட்சம் மூன்று மணி நேரம். ஆனால் நடப்பது என்ன? 11 மணிக்குப் பெட்டி நிற்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதில் அரை மணி. சர்வீஸ்காரர் வர மணி 1. புது டிஸ்க் வாங்கி வர 2. விண்டோஸ் ஏற்றி முடிக்க மூன்றரை. சாஃப்ட்வேர் லைசென்ஸ் பழைய இயந்திரத்தோடு பிணைந்தது. கம்பெனிக்குப் போன் போட்டு மாற்ற நாலரை. பேக்கப்பைத் திரும்ப ஏற்றியதும் மணி 5. மொத்தம் ஆறு மணி நேரம், அதில் பேக்கப்புக்கு ஆனது அரை மணிதான்!

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேக்கப் எடுத்தாலும் இந்த ஆறு மணி நேரம் குறையாது. குறைய வேண்டுமானால் சாஃப்ட்வேர் ஏற்றித் தயாராக வைத்த உபரி கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். லைசென்ஸ் மாற்றும் வழியை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். பேக்கப் இணையத்தில் மட்டும் இருந்தால் இறக்கும் நேரமும் சேரும். 50 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 200 ஜி.பி. இறக்க ஏறத்தாழ 9 மணி நேரம். பில் தரவு சிறியதுதான். ஸ்கேன்களும் புகைப்படங்களும்தான் கனம். பில்லை முதலில் இறக்கி, மற்றதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், பதிப்பு பொருந்தாததால் அது எடுபடவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த நகல்தான் கைகொடுத்தது. இழப்பு ஆறு மணி நேரத்தோடு நின்றது அதிர்ஷ்டம். அந்த நகல் மெதுவான சேமிப்பில் இருந்ததால் தளம் எழுந்து நிற்க ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது.

ரான்சம்வேர் வந்தால் கணக்கு மாறும். சர்வரிலேயே எப்போதும் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் அது பூட்டிவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்த அத்தனை நகலும் அதில்தான் இருந்தது என்றால், கடைசியாக எப்போது ஒரு நகலைக் கழற்றி வெளியே வைத்தீர்களோ அதுவரைதான் உங்கள் கணக்கு உயிரோடிருக்கும். அதனால் இரவு நகலை மட்டுமாவது இரண்டு டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். தொடங்கும்போதே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்ததும் கடைசி பில் எந்த நாளுடையது, எந்த நேரத்துடையது என்று பாருங்கள். பில் போடும் நிலைக்கு வந்ததும் மறுபடி மணியைப் பாருங்கள். தாளில் எழுதி வைத்த எண்கள் எதுவானாலும், இந்த இரண்டும்தான் இன்றைக்கு உங்கள் கடையின் உண்மை நிலவரம்.