அறுபது சொல் கேட்டு ஒரு மின்னஞ்சல்

கட்டுவிரியன் கடித்த பலருக்கு, பாம்பு கடித்ததே தெரியாது. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் வீக்கம் இருப்பதில்லை, வலியும் அவ்வளவாகத் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும், அதற்குப் பிறகு மூச்சு.

மழைக்காலத்துக்கு முன் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாம்பைப் பற்றியும் நஞ்சைப் பற்றியும் படித்தே தெரிந்துகொள்ளலாம். கொசுவலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு வரை தேடி எடுத்துவிடலாம். ஆனால் கடித்த தடமே இல்லாமல் வந்து நிற்கும் நோயாளியைப் பார்த்து, இது பாம்பாக இருக்குமோ என்று மருத்துவருக்கு எந்த இடத்தில் பொறி தட்டுகிறது? அதைச் சொல்ல, அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும். அவரிடமிருந்து அறுபது சொல் வந்தால் போதும். அதைக் கேட்டு எழுதும் மின்னஞ்சலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஆள். டிவியில் அடிக்கடி வரும் மருத்துவரைத் தேடிப் போவது சுலபம். ஆனால் அவர் இந்த நோயாளிகளைப் பார்ப்பவரா என்பது வேறு கேள்வி. உங்களுக்கு வேண்டியவர் அவசர சிகிச்சைப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ இரவுப் பணி பார்த்தவர். அவரைக் கண்டுபிடிக்க ஒரு நேர்வழி இருக்கிறது. மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரைகளில், தொடர்புக்குரிய ஆசிரியர் என்று ஒருவரைக் குறித்து அவருடைய மின்னஞ்சல் முகவரியையும் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் முதல் பக்கத்தின் அடியில், பெயருக்கு மேல் நட்சத்திரக் குறி போட்டு இருக்கும். கட்டுரையைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்வதற்காகவே தரப்பட்ட முகவரி அது. யாரிடமோ கைப்பேசி எண்ணை வாங்கி ராத்திரி கூப்பிடுவதைவிட இது மரியாதை.

தானாக முன்வரும் நிபுணரிடம் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ‘ஹெல்ப் எ ரிப்போர்ட்டர் அவுட்’ என்று ஒரு சேவை இருந்தது. செய்தியாளர்கள் தங்களுக்கு வேண்டிய கருத்தைக் கேட்டு அதில் அறிவிப்பார்கள், நிபுணர்கள் பதில் அனுப்புவார்கள். ரயன் ஹாலிடே என்ற எழுத்தாளர் 2012-ல் அதை வைத்து ஒரு சோதனை செய்தார். தனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களுக்கெல்லாம் பதில் போட்டார். பழைய இசைத்தட்டு ஆர்வலராக நியூயார்க் டைம்ஸிலேயே அவர் பெயர் வந்துவிட்டது. விஷயம் தெரிந்த பிறகு பத்திரிகை திருத்தம் போட்டது. இசைத்தட்டில் பிசகினால் சிரித்துவிட்டுப் போகலாம். பாம்புக்கடியில் அப்படி முடியாது.

ஆள் கிடைத்தாயிற்று. இனி கேள்வி, மொத்த மின்னஞ்சலும் நிற்பது இதன்மேல்தான். “பாம்புக்கடி பற்றித் தங்கள் மேலான கருத்து என்ன?” என்று கேட்டால் அவர் என்ன எழுதுவார்? உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், கட்டுப் போடாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள் என்பார். எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் அரசு சுவரொட்டியிலேயே இருப்பதை வாங்க ஒரு நிபுணரின் பெயரைச் செலவழிக்க வேண்டியதில்லை. அதுவும் பதில் வந்தால்தான். அவ்வளவு அகலமான கேள்விக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ‘அப்புறம் எழுதலாம்’ என்று வைத்துவிடுவார்கள், அந்த அப்புறம் வராது. கேள்வி குறுகலாக இருந்தால் படிக்கும்போதே பதில் மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். நல்ல கேள்வியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதற்கான பதில் புத்தகத்தில் இருக்கிறதா? இருந்தால் அந்தக் கேள்வி வேண்டாம்.

மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

பொருள்: கட்டுவிரியன் கடி – உங்களிடம் ஒரு கேள்வி, 60 சொல் பதில், அக்டோபர் 14-க்குள்

வணக்கம் டாக்டர்.

இரவில் தூக்கத்தில் நிகழும் கட்டுவிரியன் கடி பற்றி ஒரு மாத இதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். அதில் உங்கள் பெயரோடு வெளியிட 60 சொல் அளவில் ஒரு கருத்து வேண்டும்.

என் கேள்வி: கடித்த தடம் எதுவும் தெரியாமல், வயிற்றுவலி என்று மட்டும் விடியற்காலையில் ஒருவர் வந்தால், பாம்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் உங்களுக்கு எதை வைத்து வருகிறது?

இத்தகைய நோயாளிகளைப் பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். தடம் தெரியாதவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதியிலிருந்துதான் இந்தக் கேள்வி வந்தது.

பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். குரல் பதிவாக அனுப்பினாலும் எழுதிக்கொள்கிறேன். அக்டோபர் 14, செவ்வாய் மாலை 5 மணிக்குள் கிடைத்தால் கட்டுரையில் சேர்க்க முடியும். அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்து வரும் பகுதியை மட்டும் அனுப்புகிறேன், தகவல் பிழை இருந்தால் சொல்லலாம். பெயரும் பதவியும் எப்படி வர வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள்.

நேரமில்லை என்றால் ஒரு வரி போட்டாலே போதும், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

கீழே உங்கள் பெயர், கைப்பேசி எண், முன்பு எழுதிய ஒரு கட்டுரையின் இணைப்பு. இவ்வளவுதான்.

இதில் நலம் விசாரிப்பு இல்லை, ‘தங்கள் பொன்னான நேரத்தில்’ இல்லை. நம் கடித மரபில் வேண்டுகோள் மூன்றாம் பத்தியில்தான் தலை காட்டும். அதற்கு முன் புகழ்ச்சி, அதற்கும் முன் அறிமுகம். மருத்துவர் இதைக் கைப்பேசியில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பார்க்கிறார். திரையில் தெரிவது பொருள் வரியும் அதன் கீழ் அரை வரியும்தான். யார் எழுதுகிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், எப்போதைக்கு என்ற மூன்றும் அங்கேயே தெரிந்துவிட வேண்டும். அவருடைய ஆய்வைப் படித்த செய்தி கேள்விக்குப் பின்னால் வருவதும் அதற்காகத்தான். முன்னால் வந்தால் அது முகத்துதி, பின்னால் வந்தால் கேள்விக்கு ஆதாரம்.

குரல் பதிவு என்ற வசதி அற்பமாகத் தெரியலாம். தமிழில் சரளமாகப் பேசும் மருத்துவர்கள் பலருக்குத் தமிழில் தட்டச்சு செய்வது பெரும்பாடு. ஆங்கிலத்தில் எழுதினாலோ ஆய்விதழ் நடை வந்துவிடும். பேசச் சொன்னால், நோயாளியின் வீட்டாரிடம் சொல்வது போலச் சொல்வார். வாசகருக்கு வேண்டியதும் அந்தப் பேச்சுதான்.

அவர் அரசு மருத்துவர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அரசு ஊழியர் பத்திரிகைக்குப் பேசுவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அறிவியல் விஷயம் மட்டும் என்றால் பொதுவாக இடம் உண்டு என்றாலும், மேலதிகாரியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பவர்களே அதிகம். அதற்கு இரண்டு மூன்று நாள் போகும், கெடு வைக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துக் கையிருப்பு, ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகத்தைத் தொடும் கேள்வியை அதே மின்னஞ்சலில் நுழைத்தால் அறிவியல் கேள்விக்கும் பதில் வராது. அது வேறு கட்டுரை, கேட்க வேண்டிய இடமும் வேறு.

பதில் இல்லையா? மூன்று நான்கு நாள் கழித்து, பழைய மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே இரண்டு வரி போடலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுவதே அழகு. ஒரே மின்னஞ்சலைப் பத்து மருத்துவர்களுக்குச் சேர்த்து அனுப்புவது மட்டும் கூடாது. பத்துப் பேரும் மற்றவர் எழுதுவார் என்று இருந்துவிடுவார்கள். தப்பித் தவறி ஐந்து பேர் எழுதிவிட்டால் நான்கு பேருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்டது அறுபது, வந்தது நூற்றைம்பது சொல். நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: “தரையில் படுத்தவர், காலையில் திடீர் வயிற்றுவலி, இமை லேசாகத் தொங்குகிறது என்றால் தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே பல நேரங்களில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.” இடமில்லை என்று நீங்கள் ‘பல நேரங்களில்’ என்பதை எடுத்துவிடுகிறீர்கள். வாக்கியம் மிடுக்காகிவிட்டது. ஆனால் இப்போது அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொல்லியிருக்கிறீர்கள். நாளை சக மருத்துவர் ஒருவர், “எப்போதுமே அப்படியா எடுத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். சுருக்கும்போது முழு வாக்கியத்தை எடுக்கலாம், உதாரணத்தை எடுக்கலாம். ‘பெரும்பாலும்’, ‘சிலருக்கு’, ‘இருக்கலாம்’ போன்றவற்றில் கை வைக்கக் கூடாது. ஒரு நிபுணர் இரண்டாம் முறை உங்களுக்குப் பதில் போடாமல் இருந்தால், முதல் முறை இப்படி ஏதாவது நடந்திருக்கும்.

அதற்காகத்தான் அச்சுக்கு முன் காட்டுவது. இது பத்திரிகை உலகில் பழைய சண்டை. 2012 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போது, தாங்கள் சொன்னதை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வேட்பாளர்களின் ஆட்கள் நிபந்தனை போட்டார்கள், பெரிய பத்திரிகைகள் சிலவும் இணங்கின. விஷயம் வெளியே வந்ததும், அப்படி ஒப்புதலுக்கு அனுப்பக் கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் செய்தியாளர்களுக்கு விதி வைத்தது. அரசியல்வாதி சொன்னதை மாற்ற நினைப்பது தப்பிக்க. மருத்துவர் திருத்த நினைப்பது பெரும்பாலும் தகவலை. இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். அவர் கருத்து வரும் பகுதியை மட்டும் காட்டலாம், முழுக் கட்டுரையை அல்ல. பிழை இருந்தால் திருத்தலாம், தன் மருத்துவமனையின் பெயரை மூன்று இடத்தில் சேர்க்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தால் உங்கள் தமிழை அவர் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அச்சில் அவர் வாயிலிருந்து வருவதாக வருவது உங்கள் வாக்கியம்.

சில சமயம் பக்கம் குறைந்து ஆசிரியர் அந்த அறுபது சொல்லையே எடுத்துவிடுவார். அப்போது இதழ் கடைக்கு வருவதற்குள், உங்கள் கருத்து இந்த முறை இடம்பெறவில்லை, காரணம் இது என்று அவருக்கு இரண்டு வரி எழுதிவிட வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு இதழை வாங்கிப் புரட்டிப் பார்ப்பவர்களில் மருத்துவர்களும் உண்டு.