மூன்று X ஒரே கோட்டில்: கணினிக்கு அது எப்படித் தெரிகிறது?

ஒன்பது கட்டம் போட்டு, ஒருவர் X, மற்றவர் O என்று மாறி மாறி எழுதும் டிக் டாக் டோ விளையாட்டில் யார் ஜெயித்தார் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. கணினிக்கு அந்தப் பார்வை கிடையாது. அதன் நினைவகத்தில் இருப்பது ஒன்பது எழுத்துகள் மட்டுமே. எந்த எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்கின்றன என்பதை நாம்தான் எண்களின் மொழியில் சொல்லித்தர வேண்டும்.

1952-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினிக்காக ஏ.எஸ். டக்ளஸ் இந்த விளையாட்டை எழுதினார். டெலிபோன் டயலைச் சுழற்றிக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், சிறிய திரையில் புள்ளிகளாகப் பலகை தெரியும். அதில் மனிதருக்கு எதிராகக் கணினியே ஆடியது. இன்று புரோகிராமிங் கற்க வருபவர்கள் எழுதிப் பார்ப்பது அதைவிட எளிமையான வடிவம். எழுத்துகள் மட்டும் தெரியும் கன்சோல் திரையில் இரண்டு பேர் ஆடுகிறார்கள். கணினி நடுவராக மட்டும் இருக்கிறது. தவறாமல் தீர்ப்புச் சொல்லும் நடுவரை உருவாக்குவதுதான் இதில் உள்ள உண்மையான வேலை.

முதலில் பலகை. மூன்று வரிசை, மூன்று பத்தி கொண்ட இருபரிமாண அணியாக அதை வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வரிசை எண் ஒன்று, பத்தி எண் ஒன்று. கணினி எண்ணுவது பூஜ்யத்திலிருந்து என்பதால் இடது மேல் மூலை `b[0][0]`, நடுக்கட்டம் `b[1][1]`, வலது கீழ் மூலை `b[2][2]`. பைத்தான் மொழியில் வெற்றுப் பலகையை இப்படி உருவாக்கலாம்:

```python
b = [[' '] * 3 for _ in range(3)]
```

இதைச் சுருக்கி `[[' '] * 3] * 3` என்று எழுதத் தோன்றும். திரையில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சுருக்கிய வடிவத்தில் இருப்பது ஒரே ஒரு வரிசை. மூன்று வரிசைகளும் அதையே சுட்டுகின்றன. நடுக்கட்டத்தில் ஒரு X வைத்தால் நடுப்பத்தி முழுவதும் X ஆகிவிடும். முதல் ஆட்டத்திலேயே "X wins" என்று திரை அறிவித்தால், நாம் வெற்றியைச் சோதிக்கும் பகுதியைக் குடைந்துகொண்டிருப்போம். கோளாறோ பலகையில் இருக்கும். முதல் X வைத்ததும் பலகையை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது தீர்ப்பு. ஜெயிக்கும் கோடுகள் மொத்தம் எட்டு: மூன்று வரிசை, மூன்று பத்தி, இரண்டு மூலைவிட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எட்டையும் சோதிக்கலாம், தவறில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தால் வேலை குறைகிறது. இப்போது புதிதாக ஒரு கோடு முழுமையானால், அது கடைசியாக வைத்த கட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மூலைக்கட்டம் வழியாக மூன்று கோடுகள் போகின்றன, பக்கக்கட்டம் வழியாக இரண்டு, நடுக்கட்டம் வழியாக நான்கு. அவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

வரிசையும் பத்தியும் எளிது. மூலைவிட்டத்தை எப்படி அடையாளம் காண்பது? இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் கோட்டில் உள்ள கட்டங்கள் (0,0), (1,1), (2,2). மூன்றிலும் வரிசை எண்ணும் பத்தி எண்ணும் சமம். மற்றொரு மூலைவிட்டத்தில் இருப்பவை (0,2), (1,1), (2,0). இங்கே இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 2 வருகிறது. கண்ணுக்குத் தெரியும் சாய்வு, கணினிக்கு இந்த இரண்டு கணக்குகளாக மாறிவிடுகிறது.

```python
def won(b, r, c, p):
    k3 = range(3)
    if all(b[r][k] == p for k in k3): return True
    if all(b[k][c] == p for k in k3): return True
    if r == c and all(b[k][k] == p for k in k3):
        return True
    return r + c == 2 and all(b[k][2-k] == p for k in k3)
```

`r`, `c` என்பவை கடைசியாக வைத்த கட்டத்தின் வரிசையும் பத்தியும். `p` என்பது அதை வைத்தவரின் எழுத்து. ஒவ்வொரு கட்டத்தையும் அந்த எழுத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். மூன்று கட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமா என்று மட்டும் கேட்டு எட்டுக் கோடுகளையும் சோதித்தால் ஆபத்து. யாரும் தொடாத மேல் வரிசையில் மூன்று வெற்றிடங்கள் இருக்கின்றன. அவையும் ஒன்றுக்கொன்று சமம்தான். நடுவர் அதையும் வெற்றி என்று அறிவித்துவிடுவார்.

ஒரு ஆட்டத்தின் முடிவைப் பார்ப்போம். எட்டு முறை ஆடியாயிற்று, வலது கீழ் மூலை மட்டும் காலி. ஒன்பதாவது முறை X-க்கு:

```
X | O | X
O | X | O
O | X |  
```

X அங்கே வைக்கிறார், அதாவது `r` = 2, `c` = 2. கீழ் வரிசையில் O, X, X இருப்பதால் அது இல்லை. வலது பத்தியில் X, O, X, அதுவும் இல்லை. `r`-உம் `c`-உம் சமம் என்பதால் முதல் மூலைவிட்டத்தைப் பார்க்கிறது: X, X, X. வெற்றி. கூட்டுத்தொகை 4 என்பதால் மற்ற மூலைவிட்டத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

இந்த ஆட்டம் இன்னொரு பிழையையும் வெளிக்கொண்டுவரும். ஒன்பது கட்டமும் நிரம்பியதா என்பதை முதலில் சோதித்து, நிரம்பியிருந்தால் சமன் என்று அறிவிக்கும்படி எழுதியிருந்தால், X-இன் வெற்றி பறிபோய்விடும். பெரும்பாலான ஆட்டங்கள் சரியாக முடிவதால் இந்தப் பிழை வெகுநாள் மறைந்தே கிடக்கும். எனவே முதலில் வெற்றி, அதன் பிறகே சமன். இரண்டும் இல்லையென்றால்தான் முறை அடுத்தவருக்கு மாற வேண்டும்.

கடைசியாக, ஆடுபவர்கள் தட்டச்சு செய்யும் எண்கள். மனிதர்களுக்கு 1 முதல் 3 வரை எண்ணுவதுதான் இயல்பு. ஆகவே வாங்கிய எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்கிறோம். ஒருவர் 4 என்று அடித்தால் பைத்தான் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். தவறு நடந்தது உடனே தெரியும். 0 என்று அடித்தால்தான் சிக்கல். கழித்ததும் அது -1 ஆகிறது. பைத்தானில் -1 என்றால் கடைசியிலிருந்து முதலாவது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எழுத்து கீழ் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே பலகையைத் தொடுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும்:

```python
ok = 0 <= r < 3 and 0 <= c < 3 and b[r][c] == ' '
```

எண்கள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்பதோடு, கட்டம் காலியா என்பதையும் இது பார்க்கிறது. இல்லையென்றால் எதிராளியின் O மேலேயே X எழுதிவிடலாம். `ok` பொய்யானால் அதே ஆளிடம் மறுபடி எண் கேட்க வேண்டும். முறையை மாற்றக் கூடாது.

எழுதி முடித்ததும் நண்பரோடு நாலைந்து ஆட்டம் ஆடிப் பார்ப்பது போதாது. எட்டுக் கோடுகளிலும் X ஒருமுறை, O ஒருமுறை என்று பதினாறு வெற்றிகளை வேண்டுமென்றே ஆடிப் பாருங்கள். பிறகு மேலே சொன்ன ஒன்பதாவது ஆட்ட வெற்றி, உண்மையான சமன் ஒன்று, 0, 4, நிரம்பிய கட்டம். இவை எல்லாவற்றிலும் சரியான தீர்ப்பு வந்தால், யார் ஆடினாலும் உங்கள் நடுவரை நம்பலாம்.